பதில் வராவிட்டால் சம்மதம்தானா? சர்வரை நிறுத்தும் முன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது

வாசகர் கடிதம்

"கோவையில் 14 பேர் கொண்ட சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். பில்லிங், ஸ்டாக், இ-வே பில் எல்லாம் எங்கள் சர்வரில் ஓடுகிறது. 62 வாடிக்கையாளர்கள். டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்ற நான்கு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். வரும் 10-ஆம் தேதி ஞாயிறு இரவு 10 முதல் 2 வரை என்று நினைத்திருக்கிறேன். போன முறை வெள்ளிக்கிழமை மாலை மெயில் அனுப்பி, 'பதில் வராவிட்டால் சம்மதம் என எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. ஆனால் சனி இரவு ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பில் போட முடியாமல் பெரிய சண்டையாகிவிட்டது. இந்த முறை ஆட்சேபம் கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்லி வேலையே நடக்காதோ என்று பயமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் மாதம் 99.5 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று இருக்கிறது. பராமரிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ன செய்யலாம்?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆட்சேபம் கேட்பது என்றால் 62 பேரிடம் அனுமதி கேட்டு நிற்பது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு உங்கள் மென்பொருளை வைத்துக்கொண்டு யார் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவர்களுக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். போன முறை நடந்த சண்டைக்குக் காரணம் நீங்கள் சர்வரை நிறுத்தியது அல்ல. அந்த மருந்தகம் இரவு முழுக்கத் திறந்திருக்கும் என்ற தகவல் உங்களிடம் வந்து சேராததுதான்.

ஏன் வந்து சேரவில்லை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மெயில் யாருக்குப் போயிருக்கும்? மாதாமாதம் உங்கள் இன்வாய்ஸ் போகும் அதே முகவரிக்கு, அதாவது கணக்குப் பிரிவுக்கு. கணக்காளர் வெள்ளி மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார், திங்கள் காலை பார்த்தார். சனி இரவு கவுண்டரில் இருந்த ஊழியருக்கு அப்படி ஒரு மெயில் வந்ததே தெரியாது. 'மௌனம் சம்மதம்' என்று வீட்டுப் பேச்சில் சொல்லலாம். இங்கே மௌனம் என்றால் பெரும்பாலும் மெயிலைத் திறக்கவில்லை என்றுதான் பொருள்.

முதலில் தேதியை மாற்றுங்கள்

10-ஆம் தேதி வேண்டவே வேண்டாம். ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11. உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் 10-ஆம் தேதி இரவு உட்கார்ந்துதான் விற்பனைக் கணக்கைச் சரிபார்ப்பார்கள். அதேபோல 7-ஆம் தேதி டிடிஎஸ், 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுப்பார்கள், முதல் வாரத்தில் சம்பளம். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் 21-க்கும் 26-க்கும் நடுவில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. உங்கள் காலண்டர்படி அதில் வரும் ஞாயிறு 24-ஆம் தேதி. அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது காரணத்தால் தள்ளிப்போனால் அடுத்து எந்த நாள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், கடிதம் எழுதும் முன் உங்கள் டேட்டாபேஸையே ஒரு கேள்வி கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் ஞாயிறு இரவு 10 முதல் திங்கள் அதிகாலை 2 வரை யார் யார் பில் போட்டிருக்கிறார்கள்? உங்களுடையது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். அட்டவணைப் பெயர்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT client_id, count(*)
FROM (
  SELECT client_id,
    (created_at AT TIME ZONE 'Asia/Kolkata')
      - interval '22 hours' AS t
  FROM invoices
  WHERE created_at > now() - interval '90 days'
) x
WHERE extract(dow FROM t) = 0
  AND extract(hour FROM t) < 4
GROUP BY client_id ORDER BY 2 DESC;
```

22 மணி நேரத்தைக் கழித்திருப்பது நள்ளிரவைத் தாண்டும் சிக்கலுக்காக. கழித்துவிட்டால் ஞாயிறு இரவு 10 மணி ஞாயிறு 0 மணியாகிவிடும், திங்கள் அதிகாலை 2 மணி ஞாயிறு 4 மணியாகிவிடும். நேர மண்டலத்தை விட்டுவிடாதீர்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இந்த மாற்றம் இல்லாமல் நீங்கள் பார்ப்பது திங்கள் விடியற்காலை மூன்றரை மணியிலிருந்து ஏழரை மணி வரைக்குமான கணக்காக இருக்கும். பட்டியல் காலியாக வரும், நிம்மதியாகிவிடுவீர்கள். `created_at` நேர மண்டலத்தோடு சேமிக்கப்பட்ட வகையாக இருந்தால்தான் இந்த வினவல் சரியாக வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் தெரிவது பில் போட்டவர்கள் மட்டும்தான். இரவில் தானாக ஓடி ஸ்டாக் விவரத்தை இழுத்துக்கொள்ளும் இணைப்புகள் இதில் வராது. அதற்கு வெப் சர்வர் லாகைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஐந்தோ ஆறோ பெயர்கள்தான் வரும் என்று நினைக்கிறேன். மருந்தகம் இருக்கும். இரவில் லாரி ஏற்றும் ஒரு மில் இருக்கலாம். யாருக்காவது துபாயில் கிளைக் கடை இருந்தால் அதுவும் வரும். நமக்கு இரவு 10 என்றால் அங்கே எட்டரை. ஞாயிறு அங்கே விடுமுறை நாள், கடையில் கூட்டம் இருக்கும் நேரம். இந்த ஐந்தாறு பேருக்கு மெயில் போதாது. அறிவிப்பு போவதற்கு முன்பே போனில் பேசிவிடுங்கள்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது

99.5 சதவீதம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிடம். 31 நாள் மாதமானாலும் 3 மணி 43 நிமிடம்தான். பராமரிப்பு நேரத்துக்கு விலக்கு என்று எழுதாததால், நான்கு மணி நேரம் நிறுத்தினாலே அந்த மாதம் சொன்ன சொல் மீறப்படுகிறது. நீங்கள் எவ்வளவு நாள் முன்னால் அறிவித்தாலும் இது மாறாது. அறிவிப்பு என்பது மரியாதை, அதனால் ஒப்பந்தம் திருத்தப்பட்டதாக ஆகாது.

'பதில் வராவிட்டால் சம்மதம்' என்ற வரி இங்கேதான் உங்களைக் கைவிடும். 1862-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது, ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. ஒரு பெரியவருக்கும் அவருடைய உடன்பிறந்தவரின் மகனுக்கும் இடையே, குடும்பத்துக்குள்ளேயே நடந்த குதிரை வியாபாரம் அது. பெரியவர் இளையவருக்கு, 'இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று எழுதினார். இளையவர் பதில் எழுதவில்லை. பேசாமல் இருந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நாட்டு ஒப்பந்தச் சட்ட வகுப்புகளிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 62-ஆம் பிரிவுப்படியும் ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பயப்பட வேண்டாம், வழிகள் இருக்கின்றன. ஒன்று, வேலையை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் இந்தப் பிரச்சினையே எழாது, அந்த மாதம் வேறு கோளாறு வராதவரை. இரண்டு, முடியாதென்றால் 'சம்மதம்' என்று ஒரு வரி பதிலை எழுத்தில் வாங்குங்கள். 62 பேரிடமும் வாங்குவது கடினம்தான், ஆனால் பெரிய வாடிக்கையாளர்கள், இரவில் வேலை செய்பவர்கள், ஒப்பந்தத்தில் சேவைக் குறைவுக்குப் பணம் பிடித்தம் என்று எழுதியிருப்பவர்கள், இவர்களிடமாவது கட்டாயம் வாங்க வேண்டும். மூன்று, அடுத்த புதுப்பிப்பின்போது உங்கள் வக்கீலிடம் சொல்லி ஒரு பராமரிப்புப் பிரிவைச் சேருங்கள். மாதத்துக்கு இத்தனை மணி நேரம், இத்தனை நாள் முன்னறிவிப்பு, அது 99.5 கணக்கில் சேராது என்று இருந்தால் போதும். அது வந்தபிறகு, பதில் வராவிட்டாலும் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். அந்த உரிமையை ஒப்பந்தமே கொடுத்துவிடுகிறது.

நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

இதை உங்களிடம் கேட்டே ஆக வேண்டும். ஒத்திகை பார்த்துச் சொன்ன கணக்கா, தோராயமா? பழைய பேக்கப் ஒன்றைத் தனி சர்வரில் ஏற்றி, முழு வேலையையும் ஒரு முறை செய்து, கையில் கடிகாரம் வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போஸ்ட்கிரெஸ் 12-இலிருந்து மாறுவதாக இருந்தால், அந்தப் பதிப்புக்கு 2024 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஏன் தள்ளிப்போட முடியாது என்பதற்கு வாடிக்கையாளரிடம் சொல்ல அதுவே நேர்மையான காரணம்.

ஒத்திகையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. `pg_upgrade --link` வேகமாக முடியும். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதை நம்பி மறுபடி ஓட்ட முடியாது, பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். `--link` இல்லாமல் செய்தால் கோப்புகளைப் பிரதி எடுக்க நேரம் ஆகும், டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஆனால் பழையது அப்படியே இருக்கும், பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். இடம் இருந்தால் இரண்டாவதையே செய்யுங்கள்.

பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே மாதிரி வேலை. பேக்கப் எடுக்க 40 நிமிடம் என்று தெரியும், மீட்கவும் அவ்வளவுதான் ஆகும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இன்டெக்ஸ்களை மறுபடி கட்டி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலை ஆறு மணிக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்யத் தொடங்கியபோது நாங்கள் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அன்றிலிருந்து திரும்பும் நேரத்தை அளக்காமல் நான் எந்தத் தேதியும் யாருக்கும் அறிவித்ததில்லை.

அளந்தபிறகு ஒரு மணியைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உதாரணமாக, 12:30. அதற்குள் புதிய சர்வரில் ஒரு பில், ஒரு ஸ்டாக் பதிவு, ஒரு இ-வே பில் சரியாக வந்தால் தொடர்வது. வராவிட்டால் வாதம் செய்யாமல் பழையதுக்குத் திரும்புவது. வாடிக்கையாளர் பில் போடத் தொடங்கியபிறகு திரும்பினால் அந்த பில்கள் போய்விடும், அதனால்தான் இந்த முடிவு திறப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

அறிவிப்பை எழுதும் விதம்

12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். 11-ஆம் தேதி அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆட்சேபத்துக்குக் கடைசி நேரம் 18 திங்கள் மாலை 6 மணி. 19-ஆம் தேதி முடிவு செய்து உறுதிக் கடிதம், 22 வெள்ளி ஒரு நினைவூட்டல். எல்லோர் முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் 62 பேர் கைக்குப் போய்விடும். கடிதம் இப்படி இருக்கலாம்:

> 24 ஞாயிறு இரவு 10:00 மணி முதல் 25 திங்கள் அதிகாலை 2:00 மணி வரை (இந்திய நேரம்) பில்லிங், ஸ்டாக், இ-வே பில் மூன்றும் இயங்காது. எங்கள் டேட்டாபேஸ் பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் இந்த மாற்றம்.
>
> அந்த நேரத்தில் உங்கள் இடத்தில் யாராவது பில் போடுவார்களா, சரக்கு ஏற்றுவார்களா, கணக்கு எடுப்பார்களா? ஆம் என்றால் என்ன வேலை, எத்தனை மணிக்கு, தோராயமாக எத்தனை பில் என்று 18 திங்கள் மாலை 6 மணிக்குள் தெரிவியுங்கள். உங்களோடு பேசி மாற்று ஏற்பாடு செய்வோம். மாற்று ஏற்பாடே முடியாது என்றால் தேதியைத் தள்ளிவைப்பது பற்றி 19-ஆம் தேதி முடிவு செய்து எல்லோருக்கும் சொல்வோம்.
>
> இரவுப் பணி இருந்தால் அங்கே பொறுப்பில் இருப்பவரின் பெயரும் போன் எண்ணும் அனுப்புங்கள்.

'ஆட்சேபம் உண்டா?' என்று மட்டும் கேட்டால், விருப்பமில்லாதவர் 'வேண்டாம்' என்பார், மற்றவர் பேசாமல் இருப்பார். இரண்டாலும் உங்களுக்குப் பயனில்லை. என்ன வேலை, எத்தனை மணிக்கு என்று கேட்டால் வேலை இருப்பவர் மட்டும்தான் பதில் எழுதுவார். ஆளுக்கொரு தேதி என்ற உங்கள் பயம் இங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'ஞாயிறு இரவு' என்று மட்டும் எழுதாமல் இரண்டு தேதியும் இரண்டு கிழமையும் போடுங்கள். அதிகாலை 2 மணி ஞாயிறா திங்களா என்ற குழப்பம் எப்போதும் வரும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 17-ஆம் தேதி ஞாயிறு இரவு 10 முதல் 2 வரை, லாகின் செய்பவர்கள் திரையில் ஒரு அறிவிப்புப் பட்டை வரட்டும்: 'அடுத்த ஞாயிறு இதே நேரம் இது இயங்காது. உங்களுக்குச் சிரமம் என்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்.' மெயிலே போகாத அந்த இரவுப் பணியாளர் அதைப் பார்ப்பார். மறுநாள் மாலை வரை நேரம் இருப்பதால் அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கவும் முடியும்.

ஆட்சேபம் வந்தால்

மருந்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு 30, 40 பில் போடுவோம் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி மருந்துக்குக் காத்திருக்கும் இடம் அது, அவர்கள் சொல்வதற்கு மற்றவர்கள் சொல்வதைவிட எடை அதிகம். ஆனால் அவர்களுக்கு வேண்டியது உங்கள் சர்வர் ஓடுவது அல்ல, மருந்து கொடுக்க முடிவது. இரவு 9:30-க்கு ஸ்டாக் பட்டியலை விலை, பேட்ச் எண், காலாவதித் தேதியோடு அச்செடுத்துக் கொடுங்கள். கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று. ஜிஎஸ்டி விதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட பில் எண் வரிசையை அனுமதிக்கின்றன, ஒவ்வொரு வரிசையும் தொடர்ச்சியாக இருந்தால் போதும். அதனால் கை பில்லுக்குத் தனி முன்னெழுத்தோடு ஒரு வரிசை வைத்து, காலையில் அதே எண்ணோடு பதிவு செய்ய உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள். அதற்கான வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். தானாக எண் போடும் மென்பொருளில் பல சமயம் இருக்காது.

மில்லுக்கு வேறு தீர்வு. இ-வே பில்லை அரசின் தளத்திலேயே நேராக எடுக்கலாம். ஆனால் இத்தனை நாளும் உங்கள் மென்பொருள் வழியே எடுத்ததால் அந்தத் தளத்தின் கடவுச்சொல் அவர்களுக்கு நினைவிருக்காது. முந்தின வாரமே ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இ-இன்வாய்ஸ் கட்டாயமானவர்கள் என்றால் அதற்கும் அரசுத் தள லாகின் வேண்டும். வழியில் இருக்கும் லாரிக்கு நள்ளிரவோடு இ-வே பில் முடிகிறதே என்று கேட்பார்கள். முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை நீட்டிக்கலாம், அதனால் இரவு பத்துக்குள் நீட்டித்துவிடுவதே நல்லது.

இதற்குப் பிறகும் ஒருவர் 'முடியவே முடியாது' என்றால், காரணத்தைக் கேளுங்கள். அந்த இரவு அவர்கள் ஆண்டு ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றால் அது நியாயமான காரணம், மாற்று நாளுக்குப் போகலாம். ஒரு முறைதான். போகும்போது மற்ற 61 பேருக்கும் அதே நாளில் சொல்லிவிட வேண்டும். 'எங்களுக்கு எப்போதும் வேண்டும்' என்று மட்டும் சொல்பவருக்காகத் தள்ளிவைக்க வேண்டாம். பாதுகாப்பு இல்லாத டேட்டாபேஸில் அவருடைய கணக்கும்தான் இருக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருடைய ஒப்பந்தப்படி கூடுதல் நேரத்துக்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டியிருந்தால் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

24-ஆம் தேதி இரவு, 1:30 மணிக்குள் முடியாது என்று தெரிந்தால் அப்போதே தகவல் போக வேண்டும், 2:10-க்கு அல்ல. முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு செய்தி போதும். மருந்தகத்துக்கு மட்டும் போன் செய்யுங்கள், மேலாளருக்கு இல்லை, கவுண்டரில் இருப்பவருக்கு. அவர் ஒரு பில் போட்டு அச்சு வந்துவிட்டது என்று சொல்லும்வரை இணைப்பிலேயே இருங்கள்.